வெற்றுக் கட்டம் யாருக்குச் சொந்தம்?

ஒரே பக்கத்தில் தொடங்கி அதே பக்கத்தில் முடியும் அட்டவணையை, கோடுகள் தெளிவாக இருந்தால், இன்றைய கருவிகளில் பெரும்பாலானவை ஒழுங்காகவே எடுத்துத் தருகின்றன. ஸ்கேன் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் எழுத்து மங்கியிருந்தாலும் சமாளித்துவிடுகின்றன. நீளமான ஒப்பந்தங்களில் தவறு குவிவது வேறோர் இடத்தில். மேலிருந்து கீழாகப் பல வரிசைகளை ஒன்றாக்கிய ஒரு கட்டம், பக்கம் முடியும் இடத்தில் இரண்டாக வெட்டுப்படும். ஒரு துண்டில் எழுத்து இருக்கும். மற்றொன்று வெறுமையாக இருக்கும். அந்த வெற்றுக் கட்டம் எந்த எழுத்துக்கு உரியது? இந்தக் கேள்விக்கு இப்போது புழக்கத்தில் உள்ள வழிகள் எவ்வளவு தகுதியான பதில் தருகின்றன என்பதைத்தான் இங்கே எடைபோடுகிறேன்.

எடைபோடுவதற்கு நான் எடுத்துக்கொள்வது கட்டுமான ஒப்பந்தம். அதன் முதுகெலும்பு, துறையில் எல்லோரும் பி.ஓ.க்யூ. என்று சொல்லும் அளவுப் பட்டியல். எந்த வேலை, எவ்வளவு, என்ன அலகில், என்ன வீதத்தில், மொத்தம் எவ்வளவு தொகை என்று ஒவ்வொரு இனத்தையும் அது அடுக்கிச் சொல்லும். இந்தப் பட்டியல் கணினியில்தான் உருவாகிறது. ஆனால் ஒப்பந்தமாக நிற்பது, அச்சடித்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டு, பேனாவில் திருத்தங்கள் செய்து, தைத்துக் கட்டிய தாள்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்பவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது அந்தத் தாளின் நகல். தணிக்கைக்கு வருவதும் அதன் ஸ்கேன். மூல எக்செல் கோப்பு எங்கோ இருந்தாலும், அதில் பேனாத் திருத்தம் இருக்காது. அதனால் ஸ்கேனைத் தவிர்க்க வழியில்லை.

முதலில் வெற்றுக் கட்டம் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் பல வழிகள் தோற்பது இந்தப் பிறப்பைக் கவனிக்காததால்தான். வேர்டில் செய்த அட்டவணையில் கட்டத்துக்குள் எழுத்து இயல்பாக மேல்விளிம்பை ஒட்டி நிற்கும். இணைத்த கட்டம் பக்கம் தாண்டினால் எழுத்து முதல் பக்கத்தில் தங்கிவிடும். அடுத்த பக்கத் துண்டு வெறுமையாக இருக்கும். எக்செல் அப்படியல்ல. அங்கே எழுத்து இயல்பாகக் கீழ்விளிம்பை ஒட்டி நிற்கும். பக்கம் எங்கே முடிகிறது என்பது எக்செல்லுக்குப் பொருட்டே இல்லை. நீண்ட தாளை ஓர் அளவில் வெட்டி வெட்டி அச்சடிக்கிறது, அவ்வளவுதான். அதனால் இணைத்த கட்டம் பக்கம் தாண்டும்போது எழுத்து இரண்டாம் பக்கத்தில் போய் நிற்கும்; முதல் பக்கத்துத் துண்டு வெறுமையாக இருக்கும். நடுவில் நிறுத்தச் சொல்லியிருந்தால், துண்டுகளின் உயரத்தைப் பொறுத்து எழுத்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழும். சில வேளை வெட்டு எழுத்தின் நடுவிலேயே போகும்.

ஆக, பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் வெற்றுக் கட்டத்துக்கு இரண்டு எதிரெதிர் பொருள்கள் உண்டு. ஒன்றில் அதற்குரிய எழுத்து முந்தைய பக்கத்தில் இருக்கும். மற்றொன்றில் அடுத்த பக்கத்தில் இருக்கும். ஸ்கேனில் இரண்டும் ஒன்றுதான்.

இதைக் கண்முன் வைக்க ஒரு மாதிரிப் பட்டியலைத் தருகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. அமைப்பு, எழுத்தை நடுவில் நிறுத்தி எக்செல்லில் செய்து அச்சடித்த கட்டடப் பட்டியல்களில் வழக்கமாகக் காண்பது. 7ஆம் பக்கத்தின் கடைசி இரண்டு வரிசைகளும் 8ஆம் பக்கத்தின் முதல் இரண்டு வரிசைகளும் இவை.

| பக்கம் | எண் | வேலை விவரம் | தளம் | அளவு | அலகு | வீதம் | தொகை |
|---|---|---|---|---|---|---|---|
| 7 | 13 | 1:5 கலவையில் செங்கல் கட்டு | தரைத்தளம் | 42 | க.மீ. | 6,850 | 2,87,700 |
| 7 | | | தரைத்தளம் | 310 | ச.மீ. | 265 | 82,150 |
| 8 | 14 | 1:4 கலவையில் 12 மி.மீ. பூச்சு | முதல் தளம் | 295 | ச.மீ. | 272 | 80,240 |
| 8 | | | இரண்டாம் தளம் | 288 | ச.மீ. | 279 | 80,352 |

7ஆம் பக்கத்தில் அட்டவணைக்குக் கீழே, 12ஆம் இனம் வரையான 18,42,600 ரூபாயையும் இந்த இரண்டு வரிசைகளின் தொகைகளையும் கூட்டி, 22,12,450 என்று பேனாவில் எழுதியிருக்கிறது. கேரிட் ஓவர். 8ஆம் பக்கத்தின் தலையில் அதே தொகை பிராட் ஃபார்வர்டாக வருகிறது.

கட்டட வேலை தெரிந்தவர் யாரும் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்: 310 சதுர மீட்டர் என்பது பூச்சு வேலை, 14ஆம் இனத்தின் தரைத்தளப் பகுதி, இணைத்த கட்டம் வெட்டுப்பட்டதால் அதன் விவரம் 8ஆம் பக்கத்துக்குப் போய்விட்டது. ஆனால் புழக்கத்தில் உள்ள எளிய வழி என்ன செய்கிறது? வெறுமையாக இருந்தால் மேலே உள்ளதைக் கீழே நிரப்பு. இதற்குத் தரவு வேலையில் பெயரே உண்டு, பாண்டாஸில் `ffill()`. கேமலாட் என்ற அட்டவணை நூலகத்தில் இதையொத்த வேலைக்கு `copy_text=['v']` என்ற விருப்பம் இருக்கிறது. அது கோடுகளைப் பார்த்து இணைத்த கட்டம் என்று கண்டதற்குள் மட்டும் நிரப்புவதால் கொஞ்சம் மேல். ஆனால் இரண்டையுமே எடுக்கும் கட்டத்திலேயே இயக்கிவிடுகிறார்கள். கண்மூடி நிரப்பினால் 310 சதுர மீட்டர் செங்கல் கட்டாகிவிடும். 8ஆம் பக்கத்தின் கடைசி வரிசை பூச்சு என்று சரியாகவே நிரம்பும். பூச்சு வேலையின் மொத்தம் என்ன என்று பிறகு ஒருவர் கேட்டால் 2,42,742 ரூபாய்க்குப் பதிலாக 1,60,592 என்று வரும். செங்கல் கட்டின் மொத்தம் 3,69,850 ஆக ஊதும்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது, நிரப்பிய பிறகு எந்த அடையாளமும் மிஞ்சாதது. நிரப்பிய எழுத்தும் தாளில் இருந்த எழுத்தும் ஒரே பத்தியில் ஒரே தோற்றத்தில் உட்கார்ந்துவிடும். அதைப் பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது. ஒப்பந்தம் சொல்லாத ஒன்றை ஒப்பந்தம் சொன்னதாக ஆக்கிவிடுகிறோம்.

பலரும் முதலில் நாடும் இன்னொரு வழி, பக்கப் படங்களையே ஒட்டிவிடுவது. 7ஆம் பக்கத்தின் அட்டவணையையும் 8ஆம் பக்கத்தின் அட்டவணையையும் வெட்டி ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து, ஒரே நீண்ட படமாகக் கருவிக்குக் கொடுப்பது. கேட்க இயல்பாக இருக்கிறது. செய்து பார்த்தால் இரண்டு தொல்லைகள். ஒவ்வொரு தாளும் ஸ்கேனருக்குள் தனித்தனிச் சாய்வோடு போகிறது. 300 டிபிஐயில் ஏ4 தாள் 2480 பிக்சல் அகலம், 3508 பிக்சல் உயரம். அரை டிகிரிச் சாய்வு இருந்தாலே மேலிருந்து கீழ் வருவதற்குள் செங்குத்துக் கோடு 30 பிக்சல் விலகிவிடும். எண் பத்தி போன்ற குறுகிய பத்திகளுக்கு அது பெரிய விலகல். இதைப் பக்கம் பக்கமாக நேராக்கிவிட்டு ஒட்டலாம் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டாவது தொல்லை தீராது: அட்டவணை அமைப்பை அறியும் கற்றல் மாதிரிகள் படத்தை ஒரு குறிப்பிட்ட அளவுக்குச் சுருக்கித்தான் பார்க்கின்றன. படம் நீள நீள, வரிசைகள் ஒன்றோடொன்று கலங்கும். இரண்டு பக்கங்களுக்குச் சரிப்பட்டாலும் 30 பக்கங்களுக்கு இது வழியல்ல. இதைத் தள்ளிவிடலாம்.

மேகச் சேவைகளை எடுத்துக்கொண்டால், இணைத்த கட்டத்தை அறிவதில் அவை நன்றாகவே முன்னேறியிருக்கின்றன. அமேசான் டெக்ஸ்ட்ராக்ட், சாதாரணக் கட்டங்களைத் தனியாகவும் இணைத்த கட்டத்தை `MERGED_CELL` என்று தனியாகவும் தருகிறது. இது மதிக்கத்தக்க முடிவு. தாளில் கண்டதும் அதன் விளக்கமும் கலக்காமல் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட்டின் சேவையும் `rowSpan`, `columnSpan` என்று சொல்லிவிடுகிறது. ஆனால் அட்டவணை என்ற அலகு அடிப்படையில் பக்கத்தோடு முடிந்துவிடுகிறது. பக்கங்களைச் சேர்ப்பது பயன்படுத்துபவரின் தலையில் விழுகிறது. அங்கே எல்லோரும் கையாளும் சோதனை, தலைப்பு வரிசை ஒன்றா, பத்திகளின் எண்ணிக்கை ஒன்றா என்பது.

இந்தச் சோதனை இரண்டு பக்கமும் தவறும். கட்டடப் பகுதிக்கு ஒரு பட்டியல், மின்பகுதிக்கு இன்னொரு பட்டியல் என்று ஒரே தலைப்போடு அடுத்தடுத்து வந்தால், இரண்டையும் ஒட்டிவிடும். மறுபக்கம், ஒரு பக்கத்தில் தளம் என்ற பத்தி முழுக்க வெறுமையாக இருந்து கோடுகளும் மங்கியிருந்தால், கருவி அந்தப் பத்தியையே விட்டுவிடும். ஏழு பத்தி ஆறாகிவிடும். ஒட்ட வேண்டியதை ஒட்டாது. தலைப்பு திரும்ப அச்சாகாத பட்டியல்களில் தலைப்புச் சோதனையே செய்ய முடியாது.

இதைவிட உறுதியானது பத்திக் கோடுகளின் இடம். ஒவ்வொரு பக்கத்திலும் அட்டவணையின் இடது ஓரக் கோட்டை 0 என்றும் வலது ஓரக் கோட்டை 1 என்றும் வைத்து, இடையில் உள்ள செங்குத்துக் கோடுகள் எங்கெங்கே விழுகின்றன என்று எழுதிக்கொள்ள வேண்டும். 7ஆம் பக்கத்தில் 0.06, 0.44, 0.58, 0.68, 0.75, 0.86 என்று இருந்தால், தொடரும் பட்டியலில் 8ஆம் பக்கத்திலும் நூற்றில் ஒரு பங்கு விலகலுக்குள் அதே இடங்களில் விழும். தாள் நகர்ந்ததும் நகல் எடுத்தபோது அளவு மாறியதும் இந்தக் கணக்கில் அடிபட்டுப்போகும். ஒரு பக்கத்தில் கோடு ஒன்று காணாமல் போனாலும் அடுத்த பக்கத்திலிருந்து அதன் இடத்தைச் சொல்லிவிடலாம். தைத்துக் கட்டிய ஒப்பந்தத்தில் தையல் பக்கம் தாள் வளைந்து கோடுகளும் வளையும். அதனால் முழுப் பக்கத்துக்கும் சராசரி எடுக்காமல், முந்தைய பக்கத்தின் அடிப்பகுதியிலும் அடுத்த பக்கத்தின் மேற்பகுதியிலும் அளந்து ஒப்பிடுவது நல்லது. ஆனாலும் ஒரே அச்சில் வந்த கட்டடப் பட்டியலையும் மின்பட்டியலையும் இந்த அளவும் பிரித்துக் காட்டாது. அதற்கு இன எண் உதவும். 13க்குப் பின் 14 வந்தால் தொடர்ச்சி. 1 வந்தால் புதிய பட்டியல்.

இதுவரை சொன்னதெல்லாம் அட்டவணை தொடர்கிறதா என்ற கேள்விக்குத்தான் பதில். கட்டம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. பலர் முதல் கேள்வி தீர்ந்ததும் இரண்டாவதும் தீர்ந்ததாக எண்ணிவிடுகிறார்கள்.

ஆய்வுத் தரவுகளும் இந்த இடத்தில் கைகொடுக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட பப்டேபிள்ஸ்-1எம் தரவுத்தொகுப்பும் அதில் பயின்ற டேபிள் டிரான்ஸ்ஃபார்மரும் இந்தத் துறைக்குப் பெரிய கொடை. இணைத்த கட்டங்களுக்குத் தனி வகுப்பே அதில் உண்டு. பழைய தொகுப்புகளில் ஒரு கட்டத்தைத் தேவையின்றிப் பலவாக உடைத்து எழுதியிருந்த பிழைகளையும் முறைப்படி திருத்தினார்கள். ஆனால் அந்த அட்டவணைகள் அறிவியல் கட்டுரைகளிலிருந்து வந்தவை, கணினியில் பிறந்த தெளிவான பக்கங்கள். ஐ.பி.எம்.மின் பப்டேப்நெட்டும் அப்படித்தான். ஒரு படம், ஒரு அட்டவணை, ஒரு விடை. மதிப்பெண் போடும் முறைகளும் அந்த ஒரு படத்துக்குள்ளேயே ஒப்பிடுகின்றன. அந்த மதிப்பெண் 98 என்றாலும், பக்க முறிவில் என்ன நடக்கும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. மதிப்பெண்ணைக் காட்டி ஒரு கருவியை ஒப்பந்த வேலைக்கு வாங்குபவர் இதைக் கேட்டுத் தெளிய வேண்டும்.

சரி, சொந்தம் யாருக்கு என்பதை எதை வைத்து முடிவு செய்வது? பலர் உடனே கூட்டல் கணக்கைச் சொல்வார்கள். பி.ஓ.க்யூ.வுக்கு அந்த வசதி உண்டுதான். அளவை வீதத்தால் பெருக்கினால் தொகை வர வேண்டும். பக்கத் தொகைகளைக் கூட்டினால் கேரிட் ஓவர் வர வேண்டும்.

```python
assert brought + sum(r.amount for r in rows) == carried
```

இந்தச் சோதனை இல்லாமல் ஒரு பக்கத்தையும் ஏற்கக் கூடாது என்பேன். ஒரு வரிசை விட்டுப்போனாலும், 3 என்பதை 8 என்று படித்தாலும், பேனாவில் எழுதிய கேரிட் ஓவர் தொகையைக் கருவி இன்னொரு வேலையாக எண்ணிச் சேர்த்துக்கொண்டாலும் இது காட்டிக்கொடுக்கும். அதற்காகவே கேரிட் ஓவர் வரிகளைத் தேவையற்றவை என்று அழிக்காமல், வகை குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அவை ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சாட்சி.

ஆனால் நம் மாதிரியைக் கூட்டிப் பாருங்கள். 310ஐ 265ஆல் பெருக்கினால் 82,150. சரி. பக்கக் கூட்டல் 22,12,450. சரி. அந்த வரிசை செங்கல் கட்டுக்குப் போனாலும் பூச்சுக்குப் போனாலும் ஒரு ரூபாய் கூட மாறாது. கூட்டல் சரியாக வந்தது, அட்டவணை சரியாக வந்தது என்று இந்தத் துறையில் அடிக்கடி எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். எல்லா வரிசைகளும் வந்துவிட்டன, எண்கள் சரியாகப் படிக்கப்பட்டன என்பதற்கு மட்டுமே கூட்டல் சாட்சி. உரிமைக்கு அது சாட்சி அல்ல.

உரிமைக்குச் சாட்சிகள் வேறு. முதல் சாட்சி கோடு. 7ஆம் பக்கத்தில் 13ஆம் இனத்துக்கும் அதன் கீழுள்ள வெற்றுக் கட்டத்துக்கும் நடுவே, எண் பத்தியிலும் விவரப் பத்தியிலும் கிடைக்கோடு ஓடுகிறதா? ஓடினால் வெற்றுக் கட்டம் 13இன் பகுதி அல்ல. பேச்சு அங்கேயே முடிந்தது. பக்கத்தின் அடியில், மற்ற பத்திகளுக்குக் கீழே கோடு இருந்து இந்த இரண்டு பத்திகளுக்குக் கீழே மட்டும் கோடு இல்லையென்றால், கட்டம் அடுத்த பக்கத்துக்குத் திறந்திருக்கிறது. எக்செல்லில் இணைத்த கட்டத்தின் அடிக்கோடு அது முடியும் இடத்தில்தான் வரும் என்பதால் இந்தத் திறப்பு வலுவான சான்று. வேர்டில் இது எடுபடாது. வரிசை பக்கம் தாண்டும்போது வேர்டு பக்கத்தின் அடியில் கோடு போட்டு மூடிவிடும். எழுத்தரே அளவுகோல் வைத்துப் பேனாவில் கோடு இழுத்து, அதன் கீழே கேரிட் ஓவர் எழுதியிருந்தாலும் திறப்பு மறைந்துவிடும்.

நகலின் நகலில் கோடு மங்கிக் காணாமல் போயிருந்தால் இந்த முதல் சாட்சியே குழம்பும். கோடு இல்லாததால் இணைத்த கட்டமா, அல்லது கோடு அழிந்து இணைந்ததுபோல் தெரிகிறதா? இதற்கு உற்றுப் பார்க்க வேண்டிய இடம் மூலைகள். உண்மையாக இணைத்த கட்டத்தில் செங்குத்துக் கோடு வழவழவென்று தடையின்றி இறங்கும். அழிந்த கோடாக இருந்தால், அது செங்குத்துக் கோட்டைத் தொட்ட இடத்தில் ஒரு சிறு மிச்சம், ஒரு பிசிறு, பெரும்பாலும் தங்கியிருக்கும். கோடுகளைக் கண்டறியும் நிரல்களோ ஒரு குறைந்தபட்ச நீளத்துக்குக் குறைவானதை எல்லாம் தூசி என்று துடைத்துவிடும். அந்தப் பிசிறும் அதோடு போய்விடும். அதனால் மூலைச் சோதனையைத் துடைப்பதற்கு முந்தைய படத்தில் செய்ய வேண்டும்.

இரண்டாவது சாட்சியை இதே ஒப்பந்தத்திலிருந்து எடுக்கலாம். நான் மிகவும் மதிப்பது இதைத்தான். வெட்டுப்படாத இணைத்த கட்டங்கள் பட்டியலில் வேறு பக்கங்களில் இருக்கும். அவற்றில் எழுத்து மேலே நிற்கிறதா, நடுவிலா, கீழேயா என்று அளந்துகொள்ள வேண்டும். எல்லாக் கட்டங்களிலும் எழுத்து கீழே நின்றால், வெட்டுப்பட்ட கட்டத்திலும் எழுத்து கீழ்த்துண்டில்தான் இருக்கும். வெற்றுத்துண்டு அடுத்த பக்கத்தைப் பார்த்து நிற்கிறது. மேலே நின்றால் அதற்கு நேர்மாறு. நடுவில் நின்றால் துண்டுகளின் உயரத்தைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். மூலக் கோப்பு எந்த மென்பொருளில் உருவானது என்று ஸ்கேன் சொல்லாது. ஆனால் இந்தப் பழக்கத்தை அது மறைக்க முடியாது. இதை அளக்கக் கூடுதல் கருவி எதுவும் வேண்டாம். எழுத்தின் இருப்பிடத்தை எந்த ஓ.சி.ஆரும் தருகிறது, டெசராக்டில் `tsv` வடிவம் கேட்டால் ஒவ்வொரு சொல்லுக்கும் `top`, `height` வந்துவிடும்.

மூன்றாவது சாட்சி உள்ளடக்கம். 13ஆம் இனத்தின் செங்கல் கட்டு கன மீட்டரில் இருக்கிறது. வெற்றுக் கட்ட வரிசை சதுர மீட்டர் என்கிறது. ஒரே இனத்தின் உட்பிரிவுகளுக்குப் பொதுவாக ஒரே அலகுதான் இருக்கும். மேலும், 13ஆம் இனத்துக்குச் சேர்த்தால் தரைத்தளம் இரண்டு முறை வரும். 14ஆம் இனம் தரைத்தளமே இல்லாமல் முதல் தளத்தில் தொடங்கும். 14க்குச் சேர்த்தால் தரைத்தளம், முதல் தளம், இரண்டாம் தளம் என்று ஒழுங்காக அமையும். வீதமும் 265, 272, 279 என்று தளத்துக்குத் தளம் ஏறுகிறது.

படத்தையும் மொழியையும் சேர்த்துப் படிக்கும் பெரிய மாதிரிகளுக்கு இந்த மூன்றாவது சாட்சி இயல்பாகவே வசப்படும். இரண்டு பக்கங்களையும் ஒன்றாகக் கொடுத்தால், 310 சதுர மீட்டரைப் பூச்சோடு சேர்க்க நல்ல வாய்ப்பு உண்டு. அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் முழுப் பட்டியலையும் அவற்றிடம் ஒப்படைப்பதை ஏற்க முடியாது. பொருத்தமாகத் தோன்றுவதை எழுதும் இயல்பு அவற்றுக்கு உண்டு. பொருத்தமில்லாதது ஒப்பந்தத்திலேயே இருந்தால் என்ன ஆகும்? மத்தியப் பொதுப்பணித் துறையின் இன வீத டெண்டர்களில் ஒரு விதி உண்டு. ஒப்பந்ததாரர் எண்ணில் எழுதிய வீதமும் எழுத்தில் எழுதிய வீதமும் மாறுபட்டால், அவர் போட்ட தொகையோடு எது பொருந்துகிறதோ அதுவே சரியானது. தொகை போடவில்லை என்றாலோ, இரண்டோடும் பொருந்தவில்லை என்றாலோ எழுத்தில் உள்ளதே நிற்கும். ஆக, பட்டியலில் உள்ள பிழைக்கும் சட்ட மதிப்பு உண்டு. அதைப் படிக்கும்போதே திருத்திவிடும் கருவி சான்றையே அழிக்கிறது. தாளில் எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று துல்லியமாகக் காட்ட முடியாத விடையையும் தணிக்கையில் வைக்க முடியாது. வேண்டுமானால் ஒரு குறுகிய கேள்விக்கு, அதாவது இந்த வரிசை மேல் இனத்துக்கா கீழ் இனத்துக்கா என்பதற்கு மட்டும், கூடுதல் சாட்சியாக அவற்றைக் கூப்பிடலாம்.

ஆகவே என் முடிவு இது. ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக நேராக்கி, தனியாகப் படிக்க வேண்டும். படிக்கும் கட்டத்தில் எந்த வெற்றுக் கட்டத்தையும் நிரப்பக் கூடாது. அது எங்கே இருக்கிறது, மேலே கோடு உண்டா, கீழே உண்டா என்பதை மட்டும் எழுதி வைக்க வேண்டும். பத்திக் கோடுகளையும் இன எண்ணையும் வைத்துப் பக்கங்களை இணைத்து, கூட்டல் சோதனை முடிந்த பிறகு, தனி வேலையாக உரிமையைத் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானம் தாளில் இருந்த எழுத்தைத் தொடாமல் வேறு பத்தியில், காரணத்தோடு நிற்க வேண்டும். இப்படி:

```json
{"page": 7, "row": 22, "item_text": "",
 "rule_above": true, "rule_below": false,
 "owner": 14, "why": ["rule", "valign", "unit"]}
```

கூடுதல் வேலை என்று இதை எதிர்ப்பவர்கள் சொல்வது, நிரப்பிய அட்டவணைதான் உடனே பயன்படும், `owner` என்ற பத்தியைப் பார்த்து யார் வேலை செய்வார்கள் என்பது. அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. நிரப்பிய அட்டவணையை இதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் ஒரு நொடியில் உருவாக்கிக்கொள்ளலாம் என்பது என் பதில். நிரப்பியதிலிருந்து இதற்குத் திரும்ப முடியாது. இணைத்த கட்டத்தைத் தனியாகத் தரும் சேவைகளையும் கருவிகளையும் நான் விரும்புவதும், எடுக்கும்போதே நிரப்பித் தருவதைத் தள்ளுவதும் இந்த ஒரு காரணத்தால்தான்.

இன்னொன்று. பக்க முறிவுகளை முழுக்கத் தானியங்கியாக்க வேண்டும் என்ற ஆசையே பல இடங்களில் தேவையற்றது. 30 பக்க அளவுப் பட்டியலில் 29 முறிவுகள்தான் இருக்கும். ஒவ்வொரு முறிவுக்கும் முந்தைய பக்கத்தின் அடியில் ஐந்து சென்டிமீட்டர், அடுத்த பக்கத்தின் தலையில் ஐந்து சென்டிமீட்டர் என்று வெட்டி, ஒன்றின் கீழ் ஒன்றாகத் திரையில் காட்டினால், பி.ஓ.க்யூ. பார்த்துப் பழகிய ஒருவர் ஒவ்வொன்றையும் சில நொடிகளில் தீர்த்துவிடுவார். ஒரே ஒப்பந்தம், பெரிய தொகை என்றால் எல்லா முறிவுகளையும் மனிதர் பார்க்கட்டும். ஆயிரக்கணக்கான ஒப்பந்தங்கள் என்றால், கோடும் எழுத்து நிற்கும் இடமும் அலகும் ஒன்றுக்கொன்று முரண்படும் முறிவுகளை மட்டும் அவரிடம் அனுப்பலாம். ஒரே ஒரு சாட்சி மட்டும் பேசும் முறிவுகளையும் அனுப்ப வேண்டும். மூன்றும் ஒத்துப்போனவற்றில் ஒரு பகுதியை அவ்வப்போது எடுத்துச் சோதித்தால், சாட்சிகள் எந்த வகை ஒப்பந்தத்தில் பொய் சொல்கின்றன என்பதும் தெரிந்துவிடும்.

இந்த முறையும் கைவிடும் பட்டியல்கள் உண்டு. கோடே இல்லாமல் தட்டச்சு செய்த பழைய ஒப்பந்தங்களில் முதல் சாட்சி இருக்காது. இரும்புக் கம்பி வேலைகள்போல அடுத்தடுத்த இனங்கள் எல்லாம் ஒரே அலகில் இருந்து, தள வரிசையும் இல்லாவிட்டால் மூன்றாவதும் போய்விடும். வெட்டுப்படாத இணைத்த கட்டம் ஒன்றுகூடப் பட்டியலில் இல்லாவிட்டால் இரண்டாவதும் இல்லை. அப்படிப்பட்ட வரிசையில் `owner` என்ற இடத்தை `null` என்றே விட்டு, மேல் இனம் கீழ் இனம் இரண்டையும் வாய்ப்புகளாக எழுதி, இரண்டு மொத்தங்களையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். நம் மாதிரியில் என்றால், பூச்சு வேலை 1,60,592 அல்லது 2,42,742 ரூபாய் என்று. எது சரி என்று கேட்பவர், அளவுப் புத்தகத்தையோ மூலக் கோப்பையோ வரவழைத்துப் பார்க்கட்டும்.